மூடிய கல்லூரியின் பட்டத்தை யாரிடம் சரிபார்ப்பது?

தமிழ்நாட்டில் 550ஐ ஒட்டி இருந்த பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை, பத்தாண்டுகளில் 450க்குக் கீழே இறங்கிவிட்டது. மாணவர் சேராமல் கல்லூரிகள் கதவைச் சாத்தின. ஆனால் அங்கே படித்தவர்கள் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள், வேலை மாறுகிறார்கள், வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு என்று வரும்போதெல்லாம் நிறுவனத்தின் எச்ஆர் பிரிவு கல்லூரிக்குக் கடிதம் போடுகிறது. கடிதம் திரும்பி வருகிறது. அந்த இடத்தில்தான் தவறான நம்பிக்கைகள் புகுந்து, தகுதியுள்ள ஒருவரின் வேலையை மாதக்கணக்கில் தொங்கலில் விடுகின்றன.

நம்பிக்கை: கல்லூரி மூடிவிட்டால் அந்தப் பட்டம் செல்லாது, செல்லும் என்றாலும் சரிபார்க்க வழியில்லை.

உண்மை: அந்தக் கல்லூரி யாருக்கும் பட்டமே கொடுத்ததில்லை. 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம், பிரிவு 22, பட்டம் வழங்கும் உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கும் சட்டப்படி அதிகாரம் பெற்ற சில நிறுவனங்களுக்கும் மட்டுமே தருகிறது. இணைவுக் கல்லூரி பாடம் நடத்தும், அகமதிப்பீட்டு மதிப்பெண் போடும், டிசி கொடுக்கும். தேர்வு நடத்துவதும், முடிவு வெளியிடுவதும், பட்டச் சான்றிதழ் அச்சிடுவதும் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரி தேர்வைத் தானே நடத்தினாலும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். படித்த காலத்தில் கல்லூரிக்கு அங்கீகாரமும் இணைப்பும் இருந்திருந்தால், பிறகு அது மூடியது பட்டத்தைத் தொடாது.

அதனால் கேள்வி போகவேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். பழைய முதல்வரைத் தேடிப் பிடிப்பதிலும், அறக்கட்டளைக்காரரின் வீட்டு வாசலில் நிற்பதிலும் பயனில்லை. அவர்களில் யாராவது உண்மையாகவே எழுதிக் கொடுத்தாலும் அது பட்டத்துக்கான சரிபார்ப்பு ஆகாது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. பல்கலைக்கழகம் உறுதி செய்வது பதிவெண், பெயர், பட்டம், பிரிவு, தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும், வகுப்பு ஆகியவற்றைத்தான். வருகைப் பதிவு, நன்னடத்தை போன்றவை கல்லூரியோடு இருந்த விஷயங்கள். அவற்றையும் சேர்த்துக் கேட்டால் பதில் தாமதமாகும், அல்லது வராது.

நம்பிக்கை: பி.இ. என்றால் அண்ணா பல்கலைக்கழகம்; அங்கே எழுதினால் போதும்.

உண்மை: சேர்ந்த ஆண்டைப் பார்க்காமல் எழுதக்கூடாது. திருவள்ளூர் பகுதியின் தனியார் பொறியியல் கல்லூரிகள் 2001க்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தவை. 2001இல்தான் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. அதற்கு முன் சேர்ந்தவர்கள் பழைய பல்கலைக்கழகத்திலேயே தொடர்ந்தார்கள்; அதனால் 2000இல் சேர்ந்து 2004இல் முடித்தவரின் கையில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். அவர் சான்றிதழைக் கிண்டிக்கு அனுப்பினால் ‘எங்கள் பதிவில் இல்லை’ என்று பதில் வரும். அதைப் படிக்கும் எச்ஆர் ‘போலி’ என்று குறித்துக்கொள்வார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய அநியாயம்!

தென் மாவட்டங்களிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2007 தொடங்கி அண்ணா பல்கலைக்கழகம் கோவை, திருச்சி, திருநெல்வேலி, பிறகு மதுரை என்று பிரிக்கப்பட்டது; 2012இல் எல்லாம் மீண்டும் ஒன்றாயின. இடையில் முடித்தவர்கள் சிலரின் சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரே இன்று இல்லை. கல்லூரியும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை என்று அவர்கள் பயப்படவேண்டாம். அவை சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டதால் அங்கேதான் கேட்கவேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோ வேறு வழி. அது பட்டம் இல்லை. கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடம் போகவேண்டும்.

நம்பிக்கை: ‘இந்தச் சான்றிதழ் உண்மையா?’ என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டால் பதில் வந்துவிடும்.

உண்மை: ஒரு வரிக் கேள்விக்கு யாரும் பதிவேட்டைத் திறப்பதில்லை. 2012இல் சேர்ந்து, 2016இல் படிப்புக் காலம் முடித்த ஒரு மெக்கானிக்கல் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பதிவெண் 12 இலக்கம். முதல் நான்கு கல்லூரிக் குறியீடு, அடுத்த இரண்டு 12 என்ற சேர்க்கை ஆண்டு, அடுத்த மூன்று 114 என்ற மெக்கானிக்கல் பிரிவு, கடைசி மூன்று வரிசை எண். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர் என்றால் வரிசை எண் 300க்கு மேல் இருக்கும். மின்னஞ்சல் போடும் முன்பே இதைப் படித்துப் பார்க்கலாம். சான்றிதழ் மெக்கானிக்கல் என்று சொல்ல, பதிவெண்ணின் நடுவில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குரிய 104 இருந்தால், முதலில் எண்ணைத் தட்டச்சு செய்ததில் பிழையா என்று பாருங்கள்.

மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

*பொருள்: பி.இ. பட்டத்தின் உண்மைத்தன்மை சரிபார்ப்பு – பதிவெண் … – கல்லூரி மூடப்பட்டது.*

*ஐயா / அம்மையீர், எங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் …, குறியீட்டு எண் … கொண்ட … பொறியியல் கல்லூரியில் பயின்று, … ஆண்டு … மாதம் தேர்ச்சி பெற்றவர். அக்கல்லூரி தற்போது இயங்கவில்லை. பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், விண்ணப்பதாரரின் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளோம். சரிபார்ப்புக்கு எந்தப் பிரிவில், எந்தப் படிவத்தில் விண்ணப்பிக்கவேண்டும், கட்டணம் எவ்வளவு, எந்த முறையில் செலுத்துவது, முடிவு எங்கள் அலுவலக முகவரிக்கு நேரடியாக அனுப்பப்படுமா என்று தெரிவிக்க வேண்டுகிறோம்.*

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பெயரைச் சான்றிதழில் இருக்கிறபடியே எழுதுங்கள். சான்றிதழில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதினால் பொருந்தாது. அடுத்தது, தேர்ச்சி மாதமும் ஆண்டும். அரியர் வைத்து 2017இல் முடித்தவருக்கு 2016 என்று எழுதினால், உண்மையான பட்டத்துக்கே ‘பொருந்தவில்லை’ என்ற பதில் வரும். ‘பதிவில் இல்லை’ என்று வந்தால் அதை முடிவாக எடுக்காமல், இவற்றைச் சரிபார்த்து மறுபடி ஒருமுறை எழுதவேண்டியது நிறுவனத்தின் கடமை.

நம்பிக்கை: நோட்டரி கையெழுத்து போட்ட நகல் இருக்கிறதே, அது போதாதா?

உண்மை: போதாது. நகல், காட்டிய மூலத்தைப் போலவே இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்தக் கையெழுத்து சாட்சி. மூலமே போலியாக இருந்தால் நகலும் போலிதான். அதேபோல், விண்ணப்பதாரரோ ஏஜென்டோ கொடுக்கும் ‘பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு’ எழுதவே கூடாது. போலிச் சான்றிதழ் தயாரிப்பவரால் போலி முகவரியும் தயாரிக்க முடியும். முகவரியை, அண்ணா பல்கலைக்கழகம் என்றால், `annauniv.edu` தளத்துக்குள் போய் நீங்களே எடுங்கள். பதில் வந்த முகவரியும் அதே பெயரில் முடிகிறதா என்று பாருங்கள்.

மூடிய கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒன்று. வேலை மாறும் நாள் வரை காத்திருக்காமல், கையிலிருக்கும் சான்றிதழ்களையும் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களையும் இந்த வாரமே ஸ்கேன் செய்து வையுங்கள். பட்டச் சான்றிதழைக் கல்லூரியிலிருந்து வாங்காமலே விட்டவர்கள், அது எங்கே இருக்கிறது என்று இப்போதே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.