தீவன மென்பொருள் வாங்கலாமா? நாமக்கல் பண்ணையில் கணக்கு எழுதும் தம்பிக்கு



நீ அனுப்பிய நான்கு பக்கத்தையும் படித்தேன். தீவன ஃபார்முலா போடும் மென்பொருளை வாங்கச் சொல்லி முதலாளியிடம் கொடுக்கப்போகிறாய். 'கிலோவுக்கு 50 பைசா மிச்சம், வருடத்துக்கு 20 லட்சம்' என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். பெருக்கல் சரிதான். லட்சம் கோழி, ஒன்றுக்கு 110 கிராம் என்றால் நாளுக்கு 11 டன், வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 டன். ஆனால் அந்த 50 பைசா யார் போட்ட கணக்கு? விற்க வந்தவர் வாயால் சொன்னது. உன் முதலாளி எத்தனையோ வருடமாக மக்காச்சோளம் பேரம் பேசி வாங்குகிறவர். இதைத்தான் அவர் முதலில் கேட்பார்.

பைசாவை நீயே அளந்து பார்க்கலாம். கன்சல்டன்ட் டாக்டர் கடைசியாகக் கொடுத்த ஆறு ஃபார்முலாவை எடு. அந்தந்தத் தேதியில் சோளம், சோயா பிண்ணாக்கு, எண்ணெய் நீக்கிய தவிடு, கிளிஞ்சல் எல்லாம் கொடவுனில் இறங்கிய விலையை, லாரி வாடகையும் இறக்குகூலியும் சேர்த்து, பக்கத்தில் எழுது. எக்செல்லில் ஒரு பத்தியில் பொருளின் விலை, அடுத்ததில் அதன் அளவு. மொத்தச் செலவுக்கு ஒரே வரி:

```
=SUMPRODUCT(B2:B15,C2:C15)
```

புரதம், எரிசக்தி, கால்சியம், மெத்தியோனின் ஆகியவற்றுக்கும் இதே மாதிரி ஒவ்வொரு வரி. டாக்டர் வைத்த வரம்புகளையும் ஃபார்முலாவின் மொத்த எடையையும் அப்படியே வைத்து, Solver-இல் Simplex LP-ஐத் தேர்ந்து, செலவைக் குறைக்கச் சொல். அது தரும் செலவுக்கும் நீங்கள் அன்று கொடுத்த செலவுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பண்ணையின் உண்மையான மிச்சம். அது 50 பைசாவாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர், ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்தெல்லாம் குறைந்த செலவில் கிடைக்கும் உணவுப் பட்டியலை 77 பொருள்களிலிருந்து தேடி 1945இல் எழுதினார். பாதி கணக்கு, பாதி அனுமானம். வருடத்துக்கு 39.93 டாலர் என்று முடித்தார். 1947இல் கணிதவியலாளர் டான்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறைப்படி ஒன்பது பேர் கணக்குப்பொறிகளோடு உட்கார்ந்து, 120 ஆள்நாள் செலவழித்துக் கண்ட சரியான விடை 39.69 டாலர். விஷயம் தெரிந்தவரின் அனுமானத்துக்கும் சரியான கணக்குக்கும் இடையே இருந்தது 24 சென்ட், நூற்றுக்கு 0.6. உங்கள் டாக்டரும் விஷயம் தெரிந்தவர்தான். தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 0.6 சதவீதம் 18 பைசா. நீ அளந்து பார்த்து 16 பைசா வந்தது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 6.4 லட்சம். அதுவும் சின்னத் தொகை இல்லை.

இங்கேதான் உன் அறிக்கையின் பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த 6.4 லட்சத்தை மென்பொருளின் பேரில் எழுத முடியாது. அதைக் கண்டுபிடித்தது ஏற்கெனவே உன் மேசையில் இருக்கும் எக்செல். 'இன்று இருப்பது', 'புது மென்பொருள்' என்று இரண்டை மட்டும் ஒப்பிட்டிருக்கிறாய். நடுவில் இருக்கும் மலிவான வழியைச் சேர்த்தால் கேள்வி மாறிவிடும். எக்செல்லுக்கு மேல் மென்பொருள் எவ்வளவு தருகிறது என்பதற்குத்தான் காசு.

அதற்கு மேல் அது தருவது ஒன்று உண்டு. குஞ்சு, வளர்கோழி, முட்டைக்கோழி என்று எல்லாத் தீவனத்தையும் ஒன்றாக வைத்து, கையில் இருக்கும் சரக்கைப் பங்கிடுவது. மலிவாக 60 டன் பிண்ணாக்கு கிடைத்தால் எதில் எவ்வளவு போட்டால் மொத்தத்தில் லாபம் என்று சொல்லும். எக்செல்லில் இதைச் செய்ய முடியாது என்றில்லை, தலைவலி. இதற்குக் கிலோவுக்கு 3 பைசா வைப்போம். வருடம் 1.2 லட்சம், மூன்று வருடத்தில் 3.6 லட்சம்.

செலவுப் பக்கம் வா. விலைப்புள்ளியில் லைசென்ஸ் 3 லட்சம் என்று இருக்கிறது. அதன் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியை 'திரும்ப வரும்' என்று எழுதி விட்டுவிட்டாய். வராது. முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை. விற்பனையில் வரி இல்லாதபோது, வாங்கியதில் கட்டிய வரியை எதில் கழிப்பாய்? 54,000 ரூபாய் முழுச் செலவு. இரண்டாம் வருடத்திலிருந்து பராமரிப்பு 45,000, வரியோடு 53,100. மூன்று வருடத்துக்கு மொத்தம் 4.6 லட்சம். வரவு 3.6 லட்சம். லட்சம் கோழிக்கு ஒரு லட்சம் நஷ்டம். இதே கணக்கில் ஏறக்குறைய 1.28 லட்சம் கோழியில் சரிக்குச் சரியாகிறது. மூன்று லட்சம் கோழி வைத்திருப்பவருக்கு ஆறு லட்சத்துக்கு மேல் மிஞ்சும். ஆகவே பக்கத்துப் பண்ணையில் வாங்கிவிட்டார்கள் என்பது உங்களுக்குக் காரணம் ஆகாது.

எக்செல்லைப் பற்றியும் நேர்மையாக எழுது. அதற்கு லைசென்ஸ் செலவு இல்லை, ஆனால் அது ஒரே ஆளை நம்பி நிற்கிறது. நாளைக்கு நீ ஈரோட்டில் வேறு வேலைக்குப் போய்விட்டால், அந்த ஷீட்டைத் திறந்து பார்க்கக்கூட ஆள் இருக்காது. இன்னொருவரைப் பழக்கும் நாட்களையும் செலவில் போடு.

எந்த வழியானாலும் சரக்கின் சத்து அளவு சரியாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். தீவனத்தில் 20 சதவீதம் சோயா பிண்ணாக்கு என்று வை. புரதம் 46 என்று பதிந்திருக்க, வந்த லோடில் 43தான் இருந்தால், தீவனத்தின் புரதம் 0.6 குறையும். கணினி வரம்பின் ஓரத்திலேயே நிறுத்தும், டாக்டரைப் போலக் கொஞ்சம் தாராளமாக வைக்காது. முட்டை ஒரு சதவீதம் குறைந்தால் நாளுக்கு ஆயிரம் முட்டை. ஐந்து ரூபாய் விலை வைத்தால் 5,000 ரூபாய். 16 பைசா மிச்சம் நாளுக்கு 1,760தான். ஒரு நாள் சரிவு மூன்று நாள் மிச்சத்தை விழுங்கிவிடும். நான் வேலை பார்த்த ஒரு பண்ணையில் மென்பொருள் வாங்கினோம். ஆய்வு முடிவைப் பதிய யாரையும் நியமிக்கவில்லை. ஆறு மாதத்தில் அது பழைய எண்களையே வைத்து ஃபார்முலா போட்டுக்கொண்டிருந்தது. முட்டை சரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதனால் மூன்றாவது வழி ஒன்றையும் சேர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. லோடுக்கு ஒரு சாம்பிள் அனுப்பும் செலவையும், முடிவைப் பதியும் ஆளின் நேரத்தையும் எழுது. என் கண்ணுக்கு முதலில் காசு போக வேண்டிய இடம் அதுதான்.

முதலாளிக்கு ஒரே தாள் போதும். மூன்று வழி, மூன்று வருடச் செலவு வரவு, மிச்சம் எத்தனை பைசாவானால் தீர்ப்பு மாறும் என்று ஒரு வரி. மென்பொருள் வாங்குவதென்று முடிவானால், நாம் பதிந்த விவரம் முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் எக்செல்லாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் வாங்கச் சொல்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். புது ஷெட் கட்டினால் மறுபடி பார்க்கலாம். ஆனால் அந்த 3 பைசா நான் வைத்தது, உன் பண்ணையில் அளந்தது இல்லை. ஆறு ஃபார்முலாவையும் பில்களையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா கண்ணு, உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.