பத்தடிக்கு ஒரு கல்கால்: வேலிக் கணக்கு எங்கே பிசகுகிறது?

100 அடி நீளத்துக்கு நேர்க்கோட்டில் வேலி போட வேண்டும், பத்தடிக்கு ஒரு கல்கால் என்றால் எத்தனை கால் வாங்க வேண்டும்? நூறைப் பத்தால் வகுத்துப் பத்து என்று சொல்லிவிடத் தோன்றும். சரியான விடை பதினொன்று. வகுத்தலில் தவறு இல்லை. அது வேறொரு கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். 100 அடியைப் பத்தடித் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு என்பதற்கே பத்து என்ற விடை பொருந்தும். வேலியில் அந்தத் துண்டு என்பது இரண்டு கால்களுக்கு நடுவே கம்பி ஓடும் இடைவெளி. காலுக்கு நீளம் கிடையாது. அது துண்டுகளின் ஓரத்தில் நிற்பது. டேப்பில் 0, 10, 20 என்று 100 வரை உள்ள குறிகளை விரல் வைத்து எண்ணினால் பதினொன்று வரும். பூஜ்யத்திலும் ஒரு கால் நிற்கிறது என்பதைத்தான் வகுத்தல் சொல்லாமல் விடுகிறது.

இதை ‘வகுத்து ஒன்றைக் கூட்டு’ என்று மனப்பாடம் செய்துகொள்பவர்கள் உண்டு. அந்தச் சூத்திரம் நிலத்துக்கு வந்ததும் காலை வாரிவிடும் என்பதால் காரணத்தையே பிடித்துக்கொள்வது நல்லது. வேலியின் மேற்கு முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு காலையும் அதற்குக் கிழக்கே உள்ள இடைவெளியோடு சோடி சேர்த்துக்கொண்டே வாருங்கள். எல்லாக் காலுக்கும் சோடி கிடைக்கும். கிழக்குக் கோடியில் நிற்கும் கடைசிக் காலுக்கு மட்டும் கிடைக்காது. அந்த ஒற்றைக் கால்தான் கூடுதலாக வரும் ஒன்று. ஆக, கூடுவதும் கூடாததும் முனையைப் பொறுத்தது. இரண்டு முனையிலும் சொந்தக் கால் நின்றால் இடைவெளியைவிடக் கால் ஒன்று அதிகம். ஒரு முனையில் மட்டும் நின்று, மறுமுனையில் கம்பி ஏற்கெனவே உள்ள ஒரு சுவரில் கொக்கி போட்டு முடிந்தால் இரண்டும் சமம். இரண்டு முனையும் சுவரில் முடிந்தால் கால் ஒன்று குறைவு. வேலி சுற்றி வந்து தொடங்கிய காலிலேயே சேர்ந்தால் முனையே இல்லை. அப்போதும் இரண்டும் சமம்.

‘ஒரு கல் அதிகமாக வாங்கிப் போட்டால் போயிற்று, இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு?’ என்று கேட்கலாம். கல் உடையும் என்பதற்காக உபரி வாங்குவது நியாயம்தான். ஆனால் இந்தப் பிசகு எப்போதும் ஒரு கல்லோடு நிற்பதில்லை. கல்லின் எண்ணிக்கையைவிட அது நிற்கும் இடத்தைத்தான் அதிகம் கெடுக்கிறது. பதினொரு கால் வேண்டும் என்று சரியாகவே முடிவு செய்த ஒருவர், குழிகளின் இடத்தைக் குறிக்கும்போது 100 அடியைப் பதினொன்றால் வகுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 9 அடி 1 அங்குலம் வருகிறது. முதல் குழியை மூலையில் போட்டு, 9 அடி 1 அங்குலத்துக்கு ஒன்றாகத் தோண்டிக்கொண்டே போனால், பதினோராவது குழி கிட்டத்தட்ட 91 அடியிலேயே விழுந்துவிடும். எல்லைக் கல்லுக்கு இன்னும் 9 அடி மிச்சம். அங்கே இன்னொரு கால் நட்டால் கணக்கு பன்னிரண்டாகிவிடும். நடாவிட்டால் ஆடு மாடு நுழைய வழி. குழியெல்லாம் தோண்டி முடிந்த பிறகுதான் இது கண்ணில் படும் என்பதுதான் வேதனை. நீளத்தை வகுக்க வேண்டியது இடைவெளிகளின் எண்ணிக்கையால், கால்களின் எண்ணிக்கையால் அல்ல.

இனி முழு நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 240 அடிக்கு 180 அடி, ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு பக்கமும் வேலி, கால்களுக்கு இடையே பத்தடிக்கு மிகக்கூடாது, ஐந்து வரிசை முள்கம்பி, முன்பக்கத்து 180 அடியில் 12 அடி அகலத்தில் கேட். முதல் வேலை, ஒரு தாளில் நிலத்தை வரைந்து, கட்டாயம் கால் நிற்க வேண்டிய இடங்களை மட்டும் புள்ளி வைப்பது: நான்கு மூலை, கேட்டின் இரண்டு பக்கம், ஆக ஆறு. வேலியை இந்த ஆறு புள்ளிகள் ஆறு பகுதிகளாகப் பிரிக்கின்றன. இனி பகுதி பகுதியாக இடைவெளிகளை மட்டுமே எண்ண வேண்டும். கால்களை இப்போது தொடவே கூடாது.

240 அடிப் பக்கங்கள் இரண்டிலும் 24, 24 இடைவெளி. பின்பக்கத்து 180 அடியில் 18. முன்பக்கத்தில் இடது மூலையிலிருந்து 70 அடியில் கேட் தொடங்குகிறது என்றால், அந்த 70 அடியில் 7 இடைவெளி. கேட் ஒரு இடைவெளி. கேட்டுக்கு அந்தப்பக்கம் 98 அடி. இது பத்தால் சரியாக வகுபடாது. 9.8 என்று வருவதைப் பத்தாக உயர்த்திக்கொள்ள வேண்டும். குறைத்து ஒன்பதாக்கினால் இடைவெளி பத்தடியைத் தாண்டிவிடும். ஆகப் பத்து இடைவெளி, ஒவ்வொன்றும் 9.8 அடி. முழு எண்ணாக்கும் வேலையை எப்போதும் இடைவெளியில்தான் செய்ய வேண்டும். காலின் எண்ணிக்கைக்குப் போன பிறகு முழுமையாக்கினால் எங்கே ஒன்று கூடியது, எங்கே குறைந்தது என்று பிடிபடாது. இப்போது மொத்தம்: 24, 24, 18, 7, 1, 10 சேர்ந்து 84 இடைவெளி. வேலி சுற்றி வந்து மூடுகிறது, ஆகவே 84 கால்.

இதே நிலத்தை ‘வகுத்து ஒன்றைக் கூட்டு’ முறையில் பக்கம் பக்கமாகப் போட்டுப் பாருங்கள். கேட்டைக் கூட மறந்துவிடுவோம். 25, 19, 25, 19 என்று 88 வரும். கூடுதலாக வந்த நான்கும் மூலைக்கால்கள். ஒவ்வொரு மூலையும் இரண்டு பக்கத்துக் கணக்கிலும் ஏறிவிட்டது. மனையை எட்டு பிளாட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இப்படிக் கணக்குப் போட்டால், பொது வரப்பில் நிற்கும் கால்கள் அத்தனையும் இரட்டிப்பாகும். பின்பக்கத்தில் பக்கத்துத் தோட்டக்காரரின் மதில் சுவர் ஏற்கெனவே இருக்கிறது, அங்கே வேலி வேண்டாம் என்றால் கணக்கு மறுபடி மாறும். மிச்சம் 66 இடைவெளி. சுவரின் இரண்டு ஓரத்திலும் சொந்தக் கால் நட்டால் 67 கால், கம்பியைச் சுவரிலேயே கொக்கி போட்டு முடித்தால் 65. முதலில் பார்த்த முனைக் கேள்விதான் இங்கேயும் விடை சொல்கிறது.

அடுத்தது பொருள் கணக்கு. எந்தப் பொருள் காலோடு போகிறது, எது இடைவெளியோடு போகிறது என்று பிரித்துக்கொண்டால் போதும். குழி, குழிக்குள் போடும் கான்கிரீட், கம்பியைக் காலோடு பிணைக்கும் கட்டுக்கம்பி எல்லாம் காலோடு போகிறவை: 84 குழி, ஐந்து வரிசைக்கு 420 கட்டு. முள்கம்பி இடைவெளியோடு போகிறது. கேட் என்பது கம்பி இல்லாத இடைவெளி, எனவே 840 அடியில் 12 கழித்து 828 அடி, ஐந்து வரிசைக்கு 4,140 அடி. முனையில் காலைச் சுற்றி முறுக்கக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டுக்கால் இந்த இரண்டு கணக்கிலும் சேராது. கம்பி இழுக்கும் திசை மாறும் இடத்திலும் கம்பி முடியும் இடத்திலும்தான் அது வேண்டும்: மூலைக்கு இரண்டாக எட்டு, கேட் கால்களுக்கு ஒவ்வொன்றாக இரண்டு, மொத்தம் பத்து. நேராக ஓடும் வேலி நெடுந்தூரம் என்றால் நடுவிலும் வைப்பார்கள்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு வரும். 25 அடி இடைவெளியில் தென்னை நடும்போது 100 அடி வரிசைக்கு நான்கு கன்று என்று வெறுமனே வகுத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அது சரியாகவும் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறதுதான். வரப்பை ஒட்டித் தென்னை வைப்பதில்லை என்பதே காரணம். ஓரத்தில் பாதி இடைவெளி, அதாவது பன்னிரண்டரை அடி விட்டால், கன்றுகள் 12½, 37½, 62½, 87½ அடியில் நிற்கும். முதல் ஓரத்துப் பாதியும் கடைசி ஓரத்துப் பாதியும் சேர்ந்து ஒரு முழு இடைவெளியாகிவிடுகின்றன. ஒவ்வொரு கன்றுக்கும் 25 அடி சொந்தம். வேலிக்கால் ஓரத்திலேயே நின்றாக வேண்டும், தென்னை நிற்க வேண்டியதில்லை. முனை மாறியதால் கணக்கும் மாறியது.

படித்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலின் மூன்றாம் பகுதியில் கோயில் தூண்களைப் பற்றி எழுதும்போது, நீளத்தை முகப்பைப் போல் இரு மடங்காக்க நினைத்துத் தூண்களை இரட்டிப்பாக்குகிறவர்கள் ஓர் இடைவெளியைக் கூட்டிவிடுகிறார்கள் என்று எச்சரிக்கிறார். முகப்பில் ஆறு தூண் என்றால் இடைவெளி ஐந்து. பக்கவாட்டில் பத்து இடைவெளி வேண்டும், அதற்குப் பதினொரு தூண் போதும், பன்னிரண்டு அல்ல. நாள்காட்டியில் இதே பிசகு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஜூலியஸ் சீசரின் நாள்காட்டி கி.மு. 45-இல் நடைமுறைக்கு வந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பொறுப்பிலிருந்த பூசாரிகள் முந்தைய மிகுநாள் ஆண்டையே ஒன்று என்று எண்ணித் தொடங்கியதால், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போனார்கள். 36 ஆண்டுகளில் ஒன்பது நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாள் கூடிவிட்டது. அகஸ்டஸ் சில ஆண்டுகளுக்கு மிகுநாளையே நிறுத்தி வைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

நிலத்தில் குறிக்கும் வேலைக்கு வருவோம். மூலைக்கு மூலை நூல் கட்டியபின், ஒவ்வொரு பகுதியிலும் டேப்பின் பூஜ்யத்தைத் தொடக்கப் புள்ளியில் வைத்து அங்கிருந்தே எல்லா அளவையும் பாருங்கள். ஒரு குச்சியிலிருந்து அடுத்த குச்சிக்கு என்று அளந்துகொண்டு போனால் ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் விலகி, கடைசியில் பெரிய வித்தியாசமாக நிற்கும். 98 அடிப் பகுதிக்கு அடி அங்குலத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். டேப்பில் மீட்டர் பக்கம் எளிது. இடைவெளி 2.987 மீட்டர், குச்சிகள் 2.987, 5.974, 8.961 என்று விழும். பத்தாவது இடைவெளி முடியுமிடத்தில் மூலைக் குச்சி ஏற்கெனவே நிற்க வேண்டும். அங்கே இல்லாவிட்டால் அந்தப் பகுதியை மீண்டும் அளக்க வேண்டும்.

குழிக்கு ஆள் வைக்குமுன், ஒரு மூலையில் தொடங்கி நிலத்தைச் சுற்றி நடந்து குச்சிகளை எண்ணுங்கள். தொடங்கிய குச்சியைத் திரும்பி வரும்போது எண்ணக் கூடாது. 84 இருக்க வேண்டும். 88 வந்தால் மூலைகளைப் பாருங்கள், அங்கே இரண்டிரண்டு குச்சி இருக்கும். 83 வந்தால் முதலில் கேட்டின் இரு பக்கத்தையும் பாருங்கள், அதன் பிறகு 98 அடிப் பகுதியைப் பாருங்கள். அங்கே பத்து இடைவெளிக்குப் பதில் ஒன்பது விழுந்திருக்கலாம். குச்சியைப் பிடுங்கி நடுவது ஒரு நிமிட வேலை. இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு இறுகிய கல்லைப் பிடுங்குவது அப்படியல்ல.