அடக்க விலை தெரிந்தபின் போட்டியாளரைப் பாருங்கள்

திருமுருகன்பூண்டி, அணைப்புதூர் பக்கம் சொந்த பிராண்டில் டி-ஷர்ட் தைத்து ஆன்லைனில் விற்பவர்களுக்கு இது. எதிராளி ஒரு ரூபாய் குறைத்தால் நாமும் ஒரு ரூபாய் குறைப்பது என்ற விதியை இரண்டு பேர் வைத்துவிட்டால் போதும், விலை தானாக இறங்கிக்கொண்டே போகும். 2014 டிசம்பரில் பிரிட்டன் அமேசானில் விலை மாற்றும் மென்பொருள் ஒன்று பழுதாகி, ஏராளமான பொருள்களுக்கு ஒரு பென்னி என்று விலை விழுந்தது. மென்பொருள் சரியாவதற்குள் பலருடைய சரக்கு விற்றுப்போய்விட்டது.

ஆகவே முதல் வேலை, எந்த நிலையிலும் தாண்டக்கூடாத அடிவிலையைக் கணக்கிடுவது. 180 ஜிஎஸ்எம் காட்டன் ரவுண்ட் நெக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துணி, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து ₹165. தளக் கட்டணமும் கூரியரும் ₹70. விளம்பரம் ₹15. பலர் விட்டுவிடுவது ரிட்டர்ன் செலவை. நூறு பீஸ் அனுப்பி 12 திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் ₹70 போனால், நின்ற 88 பீஸ் மேல் தலைக்குச் சுமார் ₹10 ஏறும். ஆக ₹260. குறைந்தபட்ச லாபம் ₹20 வைத்தால் ₹280. அதன்மேல் 5% ஜிஎஸ்டி.

```
அடிவிலை = (260 + 20) × 1.05 = 294
```

இந்த எண் நிலையானது அல்ல. மில்கள் மாதத் தொடக்கத்தில் புது நூல் விலை சொல்லும்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஒரு பீஸுக்கு வேஸ்டேஜ் சேர்த்து 220 கிராம் துணி போகிறது என்றால், நூல் கிலோவுக்கு ₹20 ஏறும்போது அடிவிலை ₹5 அளவுக்கு ஏற வேண்டும்.

அடுத்தது, யாரைப் பார்ப்பது. தேடலில் வரும் எல்லாரும் போட்டியாளர் இல்லை. விலை குறைவாகத் தெரியும் டி-ஷர்ட்டை ஒன்று வாங்குங்கள். ஜிஎஸ்எம் கட்டரால் வட்டமாக வெட்டி எடைபோடுங்கள். அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், ஆகவே 1.8 கிராம் இருந்தால் 180 ஜிஎஸ்எம். 1.5 கிராம்தான் என்றால் அது வேறு சரக்கு, அவர் விலை உங்களுக்குத் தேவையில்லை. இன்னொரு வகை, காதர்பேட்டை சர்ப்ளஸ் சரக்கை ஆன்லைனில் தள்ளுபவர்கள். எல், எக்ஸ்எல் சைஸ் இல்லாமல் எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் தீர்ந்துபோகும் சரக்கு. அவரைத் துரத்தாதீர்கள், காத்திருங்கள்.

இப்படிச் சலித்து மூன்று, நான்கு பேரை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே பின்கோடு கொடுத்து, கூப்பன் கழித்து டெலிவரி சேர்த்து, வாங்குபவர் கையிலிருந்து கடைசியாகப் போகும் தொகையை ஷீட்டில் எழுதுங்கள். எந்தெந்த சைஸ் இருக்கிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அமேசானின் `Automate Pricing` முக்கியமாக ஒரே பொருளை ஒரே பக்கத்தில் விற்பவர்களுக்கானது. உங்கள் பிராண்டை நீங்கள் மட்டும் விற்கும்போது, பக்கத்துப் பிராண்டின் விலையை இந்த ஷீட்தான் காட்டும். அந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் குறைந்தபட்ச விலையில் அடிவிலையைப் போடாமல் விதியை ஓடவிடாதீர்கள்.

விதிக்கு வருவோம். உங்கள் விலை ₹349, மற்றவர்கள் ₹345, ₹339, ₹289 என்று வையுங்கள். குறைந்த விலையை வெட்டுவது விதியானால் ₹288 ஆகி அடிவிலைக்கும் கீழே போய்விடுவீர்கள். நடுவில் உள்ள ₹339-ஐ அளவாக வையுங்கள். நடுவிலை மூன்று நாள் தொடர்ந்து உங்களைவிட ₹15-க்கு மேல் குறைவாக இருந்தால் மட்டும் அசையுங்கள். அதுவும் வாரத்துக்கு ஒருமுறை, ₹5 மட்டும். இங்கே வித்தியாசம் ₹10தான், எதையும் தொடவேண்டாம். ஏற்றுவதற்கும் விதி வேண்டும்: மற்றவர்களிடம் எம், எல் சைஸ் தீர்ந்தால் ₹5 ஏற்றுங்கள். இறக்க மட்டுமே தெரிந்த விதி, கடைசியில் அடிவிலையில் போய் உட்கார்ந்துவிடும்.

குறைக்குமுன் ஒரு கணக்கு. ₹349-க்கு விற்றால் ஜிஎஸ்டியும் செலவும் போகக் கையில் ₹72 நிற்கும். படிப்படியாக ₹319 வரை இறக்கினால் ₹44தான். நூறு பீஸ் விற்ற இடத்தில் 165 விற்றால்தான் பழைய லாபம் வரும். இரண்டு வாரத்தில் விற்பனை அந்த அளவுக்கு ஏறவில்லை என்றால் பழைய விலைக்கே திரும்புங்கள். ₹300 போன்ற விலைப்படிகளைக் கடக்கும்போது தளக் கட்டணமும் மாறக்கூடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. போட்டியாளரின் விலையைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நாலு பேர் கூடி ‘இதற்குக் கீழே யாரும் விற்கக்கூடாது’ என்று பேசி முடித்தால், அது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் மூன்றாம் பிரிவின்படி தடைசெய்யப்பட்ட உடன்பாடு. உங்கள் அடிவிலையை உங்கள் கணக்கிலிருந்து மட்டும் எடுங்கள்.