ராத்திரியே குடித்து முடித்துவிடலாமா?

கொலனோஸ்கோபிக்கு வரும் திருத்தணிக்காரர்கள் பலரும் ஒரே பாடத்தை ஒப்பிக்கிறார்கள்: “பேதி மருந்து மொத்தத்தையும் முதல் நாள் ராத்திரியே குடித்துவிட வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது.” பக்கத்து வீட்டில் யாரோ சொன்னது. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதையே தெலுங்கில் சொல்கிறார்கள். இரண்டு பாதியுமே தவறு. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

இரவே முடித்துவிட்டுத் தூங்கும்போது உள்ளே நடப்பதைப் பாருங்கள். வயிறு காலியாக இருந்தாலும் சிறுகுடல் சும்மா இருப்பதில்லை. பித்தநீரும் சளியும் இரவெல்லாம் சிறிது சிறிதாகப் பெருங்குடலின் வலப்பக்கத்துக்கு வந்து சேர்கின்றன. காலையில் குழாயை உள்ளே செலுத்தினால் அந்த மடிப்புகளில் காய்ந்த பசையைப் போல மஞ்சள் பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய தட்டையான கட்டிகள் அதே வலப்பக்கத்தில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலும் எல்லாம் போவதில்லை. “சரியாகத் தெரியவில்லை, மறுபடி வாருங்கள்” என்று எழுத வேண்டியதாகிறது. மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்களிடம் குடல் நன்றாகச் சுத்தமாகியிருக்கிறது, கட்டிகளும் கூடுதலாகக் கண்ணில் படுகின்றன. அதனால்தான் அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கங்கள் 2014-லும், ஐரோப்பியச் சங்கம் 2019-லும் பிரித்துக் குடிப்பதையே பரிந்துரைத்தன. பாதி முந்தைய மாலை. மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் தொடங்கி, 2 மணி நேரம் பாக்கி இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

இந்த வதந்தியின் வேர் ஒரு நியாயமான பயம். சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. பயணமோ சுமார் 2 மணி நேரம். காலையில் பேதி மருந்து குடித்துவிட்டு எப்படி ஏறுவது? அதற்கு விடை மருந்தை முன்தள்ளுவதல்ல, பரிசோதனை நேரத்தைப் பின்தள்ளுவது.

சென்னையில் பகல் 12 மணிக்குப் பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்தாயிற்று. முதல் நாள் மாலை 7 மணிக்கு ஒரு லிட்டர், கால் மணிக்கு ஒரு டம்ளராக. மறுநாள் காலை 6 மணிக்கு அடுத்த லிட்டர், 7 மணிக்குள் முடியட்டும். பெரும்பாலானவர்களுக்கு 9 மணிக்குள் ஓட்டம் அடங்கிவிடும், அப்போது கிளம்பலாம். கடைசியாகப் போவது சிறுநீரைப் போல மஞ்சளாக, துகள் இல்லாமல் தெளிந்திருந்தால் சுத்தமாகிவிட்டது. கலங்கலாகவே போனால் மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். குடிக்கும்போது வாந்தி வந்தால் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாகத் தொடருங்கள்.

தண்ணீரைக் காலை 10 மணி வரை குடிக்கலாம். தெளிந்த திரவம் 2 மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும் என்பதால்தான் மயக்க ஊசி போடுகிற மருத்துவர்கள் அந்த எல்லையை வைத்திருக்கிறார்கள். நாக்கு வறண்டு, தலைசுற்றி வந்து படுப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை. சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம், இரைப்பை மெதுவாகக் காலியாகிற நீண்டகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் அளவும் நேரமும் மாறும். அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச்சு தேவையில்லை. கஞ்சியும் மோரும் நீராகாரம்தானே என்கிறார்கள். டம்ளரின் மறுபக்கம் தெரியாத எதுவும் தெளிந்த திரவம் ஆகாது. இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத டீ போதும். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் வேண்டாம், உள்ளே ரத்தம்போலத் தெரியும். கிருத்திகை விரதம் இருந்தாலே குடல் காலியாகிவிடும் என்பதும் தவறு. மேலே சொன்ன பித்தநீர் விரதம் பார்ப்பதில்லை. விளக்கெண்ணெய் இந்த மருந்துக்கு ஈடாகாது.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வார்த்தை. தூரத்திலிருந்து வருகிறவர்களைக் காலை 8 மணிக்கு வரச்சொன்னால் அவர்கள் நள்ளிரவிலேயே மருந்தை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். அவர்களுக்கு 11 மணிக்குப் பிந்தைய நேரத்தைக் கொடுங்கள். மருந்து தொடங்கும் நேரம், தண்ணீரை நிறுத்தும் நேரம் இரண்டையும் தமிழிலும் தெலுங்கிலும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். வாசகர்களே, நேரம் குறிக்கும்போதே “நாங்கள் திருத்தணியிலிருந்து வருகிறோம், மதியத்துக்குப் போடுங்கள்” என்று கேளுங்கள்.