பாக்கெட்டில் தமிழ் உடையாமல் இருக்க

பூலாம்பாடியில் ஒரு மகளிர் குழு சின்ன வெங்காய வடகம் போட்டு, பத்து சென்டிமீட்டர் அகல லேபிள் ஒட்டி விற்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயத்துக்குக் குறைவில்லை. லேபிள் வரைய ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஆகவே போனில் உள்ள ஏஐ படச் செயலியிடம் கேட்கிறார்கள். வெங்காயம் தோல் மினுக்கத்தோடு அழகாக வந்துவிடுகிறது. ‘பூலாம்பாடி’ மட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ், கிட்டே வந்தால் எதுவுமில்லை. பூவின் வால் எங்கோ சுருண்டு கிடக்கிறது, ‘ம்’ புள்ளியை இழந்திருக்கிறது, ‘டி’யின் விலங்கு பக்கத்து எழுத்தில் தொங்குகிறது.

காரணம் தெரிந்தால் வேலையை எங்கே பிரிப்பது என்பதும் தெரியும். பூலாம்பாடி நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் அது ப, ூ, ல, ா, ம, ், ப, ா, ட, ி என்று பத்துக் குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 30 பைட். பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பார்த்தே பழகிய மாடலுக்கு இந்தச் சொல் ஒரு சொல்லாகப் போய்ச் சேர்வதில்லை, பைட்டுத் துண்டுகளாகப் போகிறது. அந்தத் துண்டுகளுக்கு என்ன வடிவம் என்று கற்றுக்கொள்ளவும் அது பார்த்த தமிழ்ப் படங்கள் குறைவு. எழுத்துருவை எடுத்து வைக்கவும் அதற்குத் தெரியாது. தான் பார்த்த வளைவுகளின் சாயலில் புள்ளி புள்ளியாக வண்ணம் நிரப்புகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் அளவு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்துக்கொண்டுதான் வரைகின்றன. நம் லேபிள் 1024 பிக்சல் அகலம் என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் பத்து பிக்சல். ஐந்து மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு உள்ளே ஆறு கட்டம் கிடைக்கும். அதன் மேல் வைக்கும் புள்ளிக்கு ஒரே கட்டம். புள்ளி முதலில் காணாமல் போவது அதனால்தான்.

உகரம், ஊகாரம் இன்னும் சங்கடம். 1978 சீர்திருத்தம் ணா, றா, லை போன்ற 13 எழுத்துகளைத்தான் ஒழுங்குபடுத்தியது. கு, சு, து, மு, பூ எல்லாம் ஆளுக்கொரு வடிவமாக அப்படியே நின்றன. ‘லா’வில் காலைத் தனியே பிரித்துப் பார்க்கலாம், ‘பூ’வில் முடியாது. புதிய மாடல்கள் சில, பெரிய எழுத்தில் ஒன்றிரண்டு சொற்களைச் சரியாகவே எழுதிவிடுகின்றன. ஆனால் நிறத்தை மாற்றச் சொல்லி மறுபடி கேட்டால் எழுத்தும் மாறிவிடும். அச்சுக்குப் போகும் பொருளை அந்த அதிர்ஷ்டத்தை நம்பி விட முடியாது.

எனவே ஒரே விதி: படம் மட்டும் ஏஐ வரையட்டும், எழுத்து ஒன்றுகூட வேண்டாம். முதலில் லேபிளின் மேல் பாதியைப் பெயருக்கென்று தாளில் கோடு போட்டு ஒதுக்குங்கள். பிறகு படம் கேட்கும்போது ‘பாக்கெட்’, ‘லேபிள்’, ‘தமிழ்’ என்ற சொற்களையே தவிர்த்துவிடுங்கள். பாக்கெட் என்று சொன்னாலே எழுத்தும் வேண்டும் என்று மாடல் எடுத்துக்கொண்டு கிறுக்கிவிடும். ஊர்ப்பெயரும் வேண்டாம். பொருளை மட்டும் சொல்லி வெற்றிடம் கேளுங்கள்:

```
small red onions and sun-dried onion balls in a clay bowl,
bottom half of frame, top half plain flat cream, nothing else
```

வந்த படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். சட்டியின் விளிம்பிலோ துணியின் மடிப்பிலோ எழுத்துப் போன்ற கீறல் ஒளிந்திருந்தால் அதே நிறத்தைப் பூசி மூடிவிடுங்கள். இன்னொன்று: 1024 பிக்சலை அச்சுக்கு வேண்டிய 300 டிபிஐயில் போட்டால் 8.7 சென்டிமீட்டர்தான் வரும். பத்து சென்டிமீட்டருக்கு 1181 பிக்சல் வேண்டும். படத்தைப் பெரிதாக்குவதானால் எழுத்து வைப்பதற்கு முன்பே பெரிதாக்கிவிட வேண்டும். எழுத்தோடு சேர்த்து ஏஐ பெரிதாக்கியிடம் கொடுத்தால் அது எழுத்தையும் ‘மெருகேற்றி’த் திரும்பக் கெடுக்கும், முடிந்த வேலை வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி எழுத்து. இங்கே வேறொரு வகை உடைப்பு காத்திருக்கிறது. ‘வெங்காய’ என்பதில் கணினி ‘வ’வை முதலில் வைத்து, ஒற்றைக்கொம்பைப் பின்னால் சேமிக்கிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் நிற்கும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை, இலவசமும்கூட. போட்டோஷாப் என்றால் எழுத்து அமைப்பில் `World-Ready Layout` தேர்ந்திருக்க வேண்டும். டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் அடித்தாலும் அச்சு சரியாக வரும்; நீங்கள் அனுப்பிய யூனிகோடு வாசகத்தை அதில் ஒட்டினால் வராது, அவர்கள் புதிதாகத் தட்டச்ச வேண்டும், பிழையும் புதிதாக நுழையும்.

எழுத்துரு தேர்வில் என் பரிந்துரை: புள்ளி பெரிதாக, உகரத்தின் வால் திறந்து இருப்பது. அலங்கார எழுத்துகளில் புள்ளி குறுகிப் போய் அச்சு மையில் அடைபட்டுவிடும். கருஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளைச் சிற்றெழுத்து இன்னும் மோசம். நான்கு நிறமும் மயிரிழை விலகினால் போதும், புள்ளி இருக்காது. எட்டுப் பாயின்டுக்குக் கீழே தமிழ் வைக்க வேண்டாம்.

உணவுப் பாக்கெட்டில் கட்டாயமாகச் சொல்ல வேண்டியவை ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி, தமிழ் அதற்கு மேல் கூடுதல்தான். அதனால் லேபிளின் பின்பக்கம் இரண்டு மொழியில் நெருக்கடியாக இருக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணையும் அங்கேயே தட்டச்ச வேண்டும். படச் செயலி தமிழைப் போலவே இலக்கங்களையும் கூசாமல் மாற்றும்.

விளம்பரத்துக்கு, பாக்கெட் கடையில் நிற்பது போன்ற படம் வேண்டுமா? இங்கே மட்டும் ‘பாக்கெட்’ என்று சொல்லாமல் முடியாது; எழுத்தில்லாத வெறும் பாக்கெட்டை ஏஐ வரையட்டும், கிறுக்கல் வந்தால் முன்போலவே பூசி மூடிவிடுங்கள். முடிந்த லேபிளை மென்பொருளில் அதன் மேல் வளைத்து ஒட்டுங்கள். சுருக்கம் விழும் இடத்தில் பெயர் வராமல் பார்த்தால் போதும்.

கடைசியில் சரிபார்ப்பு. லேபிளை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, வாசகம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் சொல்லைச் சொல்லாகப் படிக்கக் கூடாது, பழக்கத்தில் மூளை திருத்திப் படித்துவிடும். கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாகச் சொல்லட்டும்: டி, பா, ம், லா, பூ. காலும் ரகரமும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், ணகரமும் னகரமும் தனியாக ஒரு சுற்று. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பார்த்துத் தமிழ் குழம்பினால் பதற வேண்டாம். பார்வைக்குச் சரியாக உள்ள பிடிஎஃப்பிலும் அப்படி வரும்.

அச்சகத்துக்கு எழுத்துகளைக் கர்வாக மாற்றிய பிடிஎஃப் ஒன்று அனுப்புங்கள், அங்கே எழுத்துரு இல்லை என்று வேறொன்று ஏறாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் புகைப்படமாக அல்ல, ஆவணமாக. முதல் சுற்றுக்கு அச்சிட்ட கவர் வேண்டாம், வெறும் கவரில் ஸ்டிக்கர் ஒட்டி விற்றுப் பாருங்கள். கிராவ்யூர் சிலிண்டர் வெட்டிய பிறகு ஒரு புள்ளி விட்டுப்போனது தெரிந்தால், அந்த நிறத்துக்கு மறுபடி சிலிண்டர் செலவு.