மஞ்சள் நிறம் விழுங்கும் எண்ணிக்கை

கனநீர் உலைகளில் வேலை செய்பவர்களின் உடலில் டிரிட்டியம் சேர்ந்திருக்கிறதா என்று அறிய, அவர்களின் சிறுநீரைத்தான் சோதிப்போம். 1 மி.லி. சிறுநீரை 10 மி.லி. சிண்டிலேஷன் காக்டெய்லில் கலந்து கருவிக்குள் வைத்தால், திரையில் CPM வந்துவிடும். நிமிடத்துக்கு எத்தனை மினுக்கல்களைக் கருவி கண்டது என்பதே அந்த எண். எத்தனை அணுக்கள் சிதைந்தன என்பது வேறு கணக்கு, அதுதான் DPM. இரண்டுக்கும் உள்ள விகிதமே எண்ணும் திறன்.

டிரிட்டியத்தின் பீட்டா துகளுக்குச் சராசரியாக 5.7 keV ஆற்றல்தான் உண்டு. அதனால் பிறக்கும் ஒளித்துகள்கள் மிகச் சில. இரண்டு ஒளிப்பெருக்கிக் குழாய்களும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் கருவி அதை எண்ணும். சிறுநீரில் உள்ள பொருள்கள் ஆற்றல் ஒளியாக மாறுவதையே தடுக்கும். அது வேதித் தணிப்பு. பிறந்த நீல ஒளியை மஞ்சள் நிறம் விழுங்கும். அது நிறத் தணிப்பு. கார்பன்-14-இன் சராசரி ஆற்றல் 49 keV. அதனால் இதே தணிப்பில் அது சிறிதளவே இழக்கும். டிரிட்டியம் பாதியைக்கூட இழந்துவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அடர்மஞ்சள் மாதிரி 412 CPM காட்டுகிறது. டிரிட்டியம் இல்லாத சிறுநீரை வைத்து எடுத்த பின்னணி 22. மிச்சம் 390. தூய நீருக்குக் கிடைத்த 40% திறனை அப்படியே போட்டால் 975 DPM வரும். அதை நம்பாமல், அதே குப்பியில் 20,000 DPM உள்ள டிரிட்டிய நீரை 0.1 மி.லி. சேர்த்து மறுபடி எண்ணுகிறோம். எண்ணிக்கை 5,412 ஆகிறது. கூடியது 5,000, ஆகவே உண்மைத் திறன் 25%தான். 390-ஐ 0.25-ஆல் வகுத்தால் 1,560 DPM, அதாவது மி.லி.க்கு 26 பெக்கரல். முதல் விடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இந்த முறையில் பிப்பெட்டின் துல்லியமே எல்லாம். சேர்க்கும் அளவு பிசகினால் திறனும் அதே அளவு பிசகும்.

எல்லாக் குப்பிக்கும் இப்படிச் செய்ய நேரமிராது. கருவியே ஒரு காமா மூலத்தைக் குப்பியருகே கொண்டுவந்து தணிப்பை அளந்து tSIE போன்ற ஓர் எண்ணைத் தரும். திறன் வளைகோட்டில் அதைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த வளைகோட்டை அதே காக்டெய்லில், அதே அளவுகளில் போட்டிருக்க வேண்டும். நைட்ரோமீத்தேன் கொண்டு போட்ட வளைகோடு வேதித் தணிப்புக்கு உரியது. வெளிர்மஞ்சளுக்கு அது ஒத்துப்போகும், அடர்நிறத்துக்கு விலகிவிடும். குப்பி கலங்கி இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தால் அந்த எண்ணையே நம்ப வேண்டாம்: காமா கதிர் காக்டெய்லைத்தான் சோதிக்கிறது, டிரிட்டியமோ நீரோடு ஒதுங்கிக் கிடக்கிறது.

நிறத்தைப் போக்க நான் தூளாக்கிய கரியையே விரும்புவேன். ஹைட்ரஜன் பெராக்சைடு நிறத்தை நன்றாக வெளுக்கும், ஆனால் காக்டெய்லில் வேதியொளியைக் கிளப்பி எண்ணிக்கையைப் பொய்யாக ஏற்றிவிடும். அதே குப்பியை இருட்டில் வைத்து மறுநாள் எண்ணும்போது CPM சரிந்தால், முதல் நாள் கண்டதில் ஒரு பகுதி டிரிட்டியம் இல்லை. எண்ணிக்கை நிலைப்படும்வரை அந்த மாதிரிக்கு அறிக்கை எழுதாதீர்கள்.