விலையைச் சொல்ல வேண்டியது பிரவுசர் அல்ல, சர்வர்!

சொந்த வெப்சைட்டில் பொருள் விற்கிறீர்களா? இதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஒருவர் 1,200 ரூபாய் சேலை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்தியதும் அவருடைய பிரவுசர் உங்கள் சர்வருக்கு இப்படி அனுப்புகிறது:

```
product_id=27&qty=1&price=1200
```

சிக்கல் கடைசியில் இருக்கும் price-தான். பிரவுசர் இருப்பது வாங்குபவர் கையில். கம்ப்யூட்டரில் F12 அழுத்தி, 1200-ஐ 12 என்று மாற்ற ஒரு நிமிடம் போதும். hidden என்று மறைத்து வைத்தாலும் திரையில்தான் தெரியாது, மாற்ற முடியும். அதை சர்வர் நம்பினால், பேமென்ட் கேட்வே 12 ரூபாயை வாங்கிக்கொண்டு 'பணம் வந்தாச்சு' என்று சொல்லும். அதன் மேல் தப்பில்லை. கேட்கச் சொன்ன தொகையைத்தான் கேட்டது. நீங்களும் சேலையை பார்சல் பண்ணிவிடுவீர்கள்.

சரியான முறை என்ன? பிரவுசர் பொருளின் எண்ணையும் எண்ணிக்கையையும் மட்டும் அனுப்பட்டும். 27-ஆம் பொருளின் விலையை சர்வர் தன் டேட்டாபேஸில் பார்த்து, தள்ளுபடி, டெலிவரி கட்டணம் எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டு, கேட்வேக்குச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை 0 அல்லது -1 என்று வந்தால் மறுத்துவிட வேண்டும். வந்த பணமும் ஆர்டர் தொகையும் ஒன்றாக இருந்தால்தான் ஆர்டர் உறுதி.

வெப்சைட் செய்து கொடுத்தவரிடம், உங்கள் கண் முன்னாலேயே விலையை மாற்றி ஒரு டெஸ்ட் ஆர்டர் போடச் சொல்லுங்கள். அப்போதும் 1,200 கேட்டால் சரி. 12 கேட்டால், பழைய ஆர்டர்களை கேட்வே அறிக்கையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். பேங்க் வரவை வைத்துப் பார்த்தால் தெரியாது. அங்கே பல ஆர்டர்களின் பணம், கட்டணம் கழிந்து, மொத்தமாகத்தான் வரும்.